நீலம் வெளுக்கும் நேரம்: பால்பண்ணை விருதுச் செய்தியில் ‘தரம்’ என்னும் சொல்

கேள்வி

“கிணத்துக்கடவு அருகே இயங்கிவரும் சிறு பால்பண்ணைக்குத் தரத்துக்கான விருது வழங்கப்பட்டுள்ளது. ‘இது எங்கள் அர்ப்பணிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம்’ என்று பண்ணையின் உரிமையாளர் தெரிவித்தார்.”

இந்த இரண்டு வாக்கியங்களும் மாதிரிக்காக நான் எழுதியவை. நாளிதழின் மாவட்டப் பக்கத்தை அன்றாடம் படிப்பவர்களுக்கு இவை எங்கோ பார்த்தவை போலவே தோன்றும். செய்திக்குறிப்பு எழுதப் பழகியவர்கள் சொல்லும் இலக்கணத்தில் இவற்றுக்குக் குறையில்லை. செய்தி முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, அடுத்து ஒரு மேற்கோள் வருகிறது. ஆனால் படித்து முடித்தவருக்கு அந்தப் பாலைப் பற்றி எதுவும் தெரிவதில்லை. எந்தத் தரத்தை அளந்தார்கள், யார் அளந்தார்கள், எந்த நாளில் கறந்த பாலை அளந்தார்கள்? ‘தரம்’ என்ற ஒரு சொல் இவ்வளவுக்கும் மேல் போர்வையாகக் கிடக்கிறது.

ஒரு சிறு பால்பண்ணை தரத்துக்காக விருது வாங்கும்போது அந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காமல் விடுகிறது, செய்தியின் முதல் பத்தியும் மேற்கோளும் அதை எவ்வளவு தூரம் வெளிக்கொண்டுவர முடியும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பால் கொள்முதலில் வழங்கும் பொருள், தேசிய அளவில் தரப்படும் ஒரு விருது, ஆய்வகத்தின் அளவுகோல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மாதிரிப் பண்ணை ஒன்றுக்கான செய்தியை எழுதிப் பார்க்கலாம்.

சொசைட்டியில் தரம்

கொங்கு நாட்டில் பாலின் தரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சொசைட்டியின் மேடைதான். விடிகாலையில் கட்டுத்தரையில் கறந்த பாலைத் தூக்கில் ஊற்றி, வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். மேடையில் பாலை அளந்து ஊற்றியதும் சிறு கரண்டியால் கொஞ்சம் எடுத்துக் கருவியில் வைக்கிறார்கள். சில நொடிகளில் கொழுப்பும், கொழுப்பில்லாத திடப்பொருளும் எண்களாக வருகின்றன. “ஃபேட் எவ்வளவுங்க?” என்ற கேள்விக்கு வரும் பதில்தான் அன்றைய விலை. பால்மானியை மிதக்கவிட்டு டிகிரி பார்த்த காலத்திலும் விஷயம் இதுதான். தரம் என்பது பாலின் கனம், கனம் என்பது காசு.

இந்தப் பொருளுக்குச் சட்டத்தின் பின்புலமும் இருக்கிறது. பசும்பாலில் கொழுப்பு குறைந்தது 3.2 விழுக்காடும், கொழுப்பில்லாத திடப்பொருள் 8.3 விழுக்காடும் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதி. பாலில் தண்ணீர் ஊற்றினாலும் ஏட்டை எடுத்தாலும் இந்த எண்கள் காட்டிக்கொடுத்துவிடும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே நின்று கணக்கு நேர்செய்யும் அளவுகோல் அது. அந்த வேலைக்கு அது போதும்.

ஆனால் பால் சுத்தமாகக் கறக்கப்பட்டதா என்பதைப் பற்றி இந்த எண்கள் எதுவும் சொல்வதில்லை. கொழுப்பு 4.5 காட்டும் பால் நான்கு மணி நேரம் வெயிலில் நின்ற பாலாகவும் இருக்கலாம். கொழுப்பின் அளவும் நிலையானதல்ல. ஒரே மாட்டில் ஒரே வேளையில் முதலில் பீய்ச்சும் பால் நீர்த்திருக்கும், மடியை ஒட்டக் கறக்கும் கடைசிப் பாலில் கொழுப்பு பல மடங்கு கூடியிருக்கும். கன்றுக்கு எந்தப் பாலை விடுவது என்பதில் கறப்பவர் காட்டும் கணக்கு, கருவியின் எண்ணிலும் தெரியும். பால் சற்று நேரம் நின்றாலும் கொழுப்பு மேலே ஏறிவிடும். கேனைத் துழாவும் கோலால் அடிவரை கலக்காமல் மேலாக மொண்டால் ஓர் எண் வரும், கலக்கி மொண்டால் வேறோர் எண் வரும். பாலைச் சோதிக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது மாதிரியை எப்படி எடுத்தார்கள் என்பதை. இந்தக் கேள்வி கட்டுரை முழுக்க நம்முடன் வரும்.

ஒரு தேசிய விருது: 2022

சிறு பால் அமைப்புகளுக்கு நம் நாட்டில் கிடைக்கும் பெரிய விருது தேசிய கோபால் ரத்னா. ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை 2021 முதல் இதை வழங்கிவருகிறது. வர்கீஸ் குரியனின் பிறந்தநாளான நவம்பர் 26 தேசியப் பால் நாளாகக் கொண்டாடப்படுகிறது, விருது அன்று கொடுக்கப்படுகிறது. நாட்டு மாடு, எருமை வளர்க்கும் சிறந்த பால் விவசாயிக்கு ஒரு பிரிவு, சிறந்த செயற்கைக் கருவூட்டல் பணியாளருக்கு ஒரு பிரிவு, சிறந்த பால் கூட்டுறவுச் சங்கம் அல்லது உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஒரு பிரிவு.

2022ஆம் ஆண்டின் விருதுகள் பெங்களூருவில் வழங்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கப் பிரிவில் வயநாட்டின் மானந்தவாடிச் சங்கம் முதலிடமும், மாண்டியாவின் அரகெரெ சங்கம் இரண்டாமிடமும், நம் மன்னார்குடி பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் மூன்றாமிடமும் பெற்றன. பரிசுத் தொகை முறையே 5 லட்சம், 3 லட்சம், 2 லட்சம் ரூபாய். முந்தைய ஆண்டிலும் வயநாட்டுச் சங்கம் ஒன்று இரண்டாமிடத்தில் இருந்தது, அடுத்த ஆண்டில் அதே மாவட்டத்தின் புல்பள்ளி முதலிடம் பெற்றது. ஒரு மலை மாவட்டத்தின் சிறு சங்கங்கள் ஆண்டுதோறும் மேடையேறுவதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும். என்னைப் போன்ற வாசகர்கள் தெரிந்துகொள்ள விரும்புவதும் அந்தக் காரணத்தைத்தான்.

இந்த விருதின் தகுதி நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். சங்கம் நாளொன்றுக்குக் குறைந்தது 100 லிட்டர் பால் கொள்முதல் செய்ய வேண்டும், குறைந்தது 50 உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அதாவது வாசலில் நின்று பார்க்கப்படுவது அமைப்பின் அளவும் மக்களின் பங்கும். விருதின் பெயரிலும் ‘சிறந்த சங்கம்’ என்றுதான் இருக்கிறது, ‘சிறந்த பால்’ என்று இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நன்றாக நடக்கும் சங்கத்தில்தான் நல்ல பால் சேரும் என்பது பெரும்பாலும் உண்மை. உறுப்பினருக்குக் காசு ஒழுங்காகப் போகும் இடத்தில் கலப்படத்துக்கான தேவையும் குறைகிறது. இருந்தாலும் அது ஊகத்தின் வழியே எட்டும் முடிவு. சங்கத்தின் நிர்வாகத்துக்குக் கிடைத்த பரிசு, செய்திக்குறிப்பில் ‘தரமான பாலுக்கான விருது’ என்று மாறினால் அங்கே ஒரு படி தவறிவிடுகிறது. சிறு பண்ணைக்காரர்கள் பொய் சொல்வதால் அந்தப் படி தவறுவதில்லை. விருது எந்தப் பிரிவில் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடுவதால் தவறுகிறது.

இதே வேறுபாடு முத்திரைகளிலும் உண்டு. பால் பொருட்களுக்கான ஒருங்கிணைந்த தரச் சின்னம் 2021 டிசம்பரில் வாரணாசியில் அறிமுகமானது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேசியப் பால்வள வாரியத்தின் தர முத்திரையையும் அது ஒன்றாகச் சேர்த்தது. இவற்றில் முதலாவது பொருளைப் பார்ப்பது, இரண்டாவது அந்தப் பொருள் வந்த வழியைப் பார்ப்பது. இரண்டையும் ஒரே சின்னத்தில் வைக்க வேண்டியிருந்தது என்பதே, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது என்பதற்குச் சான்று.

நீலச் சோதனை

பாலின் சுத்தத்தை நேரடியாகச் சொல்லும் அளவுகோல் அதிலிருக்கும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை. அதை ஓரளவு மலிவாகக் கண்டுபிடிக்கப் பால் நிலையங்களில் பல காலமாகப் பயன்படுவது மெத்திலீன் நீலச் சோதனை. ஒரு சோதனைக் குழாயில் 10 மில்லிலிட்டர் பாலை எடுத்து, அதில் 1 மில்லிலிட்டர் நீலக் கரைசலை விட்டு, அடைத்து, மெல்லக் கவிழ்த்துக் கலந்து, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துகிறார்கள். பால் வானத்து நீலத்தில் இருக்கும். உள்ளே நுண்ணுயிர்கள் பெருகப் பெருகப் பாலில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உண்டு தீர்க்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் சாயம் நிறமிழக்கத் தொடங்குகிறது. அடியிலிருந்து வெள்ளை ஏறிவந்து, கடைசியில் மேலே ஒரு மெல்லிய நீல வளையம் மட்டும் நிற்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள்.

இந்தியத் தர அளவுகோலின்படி நீலம் 5 மணி நேரத்துக்கு மேல் நின்றால் பால் மிக நன்று, 3 முதல் 4 மணி நேரம் நின்றால் நன்று, 1 முதல் 2 மணி நேரம் என்றால் சுமார், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம். எண்ணிக்கையாகச் சொன்னால், கறவைப்பாலில் மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்குள் இருந்தால் மிக நன்று, 10 லட்சம்வரை நன்று, 50 லட்சம்வரை சுமார். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 1 லட்சம். அதைவிட முக்கியமானது அவர்கள் கணக்கிடும் முறை. மாதத்துக்குக் குறைந்தது இரண்டு மாதிரிகள் எடுத்து, இரண்டு மாதங்களின் சராசரியைப் பார்க்கிறார்கள். ஒரு நாள் நல்ல பால் கொடுத்துத் தப்பிக்கவோ, ஒரு நாள் கரண்டு போனதால் கெட்ட பெயர் வாங்கவோ அதில் வழியில்லை.

இந்த எண்கள் ஒரு சிறு பண்ணையில் என்ன பொருள் தருகின்றன என்று பார்ப்போம். கிணத்துக்கடவுப் பக்கம் நாளொன்றுக்கு 300 லிட்டர் பால் சேர்க்கும் ஒரு பண்ணையை எடுத்துக்கொள்வோம். இது உதாரணத்துக்காக நான் அமைத்தது, இதில் வரும் அளவுகளும் அப்படித்தான். சொந்த மாடுகள் சில, மற்றது அக்கம்பக்கத்து வீடுகளின் பால். காலையில் 180 லிட்டர், சாயங்காலம் 120 லிட்டர். கையிலிருப்பது 500 லிட்டர் குளிரூட்டித் தொட்டி ஒன்று.

கையைக் கழுவி, மடியைத் துடைத்து, உலர்ந்த பாத்திரத்தில் கறந்த பாலில் மில்லிலிட்டருக்கு 40,000 நுண்ணுயிர் இருப்பதாகக் கொள்வோம். நம்மூர் வெப்பத்தில் அவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றும் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,60,000. இரண்டு மணி நேரத்தில் 6,40,000. மூன்று மணி நேரத்தில் 25,60,000. அளவுகோலோடு ஒப்பிட்டால், ஒரு மணி நேரத்தில் தொட்டிக்குப் போன பால் ‘மிக நன்று’, இரண்டு மணி நேரத்தில் போன அதே பால் ‘நன்று’, மூன்று மணி நேரம் கழித்துப் போனால் ‘சுமார்’. மாடும் தீவனமும் கறந்த கையும் மாறவில்லை. கேன் வண்டி எப்போது வந்தது என்பது மட்டும் மாறியது. கறந்த சூட்டில் பாலுக்கு இயல்பாகவே சற்று நேரம் நுண்ணுயிரைத் தடுக்கும் ஆற்றல் உண்டு. அதனால் நடைமுறையில் முதல் இரண்டு மணி நேரம் இந்தக் கணக்கைவிட மெதுவாக நகரலாம். பாத்திரம் அழுக்காக இருந்தால் தொடக்க எண்ணே பத்து மடங்கு கூடவும் செய்யலாம். கணக்கின் போக்கு மட்டும் மாறாது.

தொட்டியில் ஊற்றியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பால் 4 டிகிரிக்கு இறங்க மூன்று மணி நேரம்வரை ஆகலாம். சாயங்காலம் இன்னொரு சிக்கல் வருகிறது. காலையில் குளிர்ந்து 4 டிகிரியில் நிற்கும் 180 லிட்டர் பாலின் மேல், 34 டிகிரியில் இருக்கும் 120 லிட்டரைக் கவிழ்த்தால் மொத்தத் தொட்டியும் 16 டிகிரிக்கு ஏறிவிடும். காலைப் பால் மறுபடி முழித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கரண்டு நின்றால் நாள் முழுக்கச் செய்த கவனம் வீண். இதைத் தடுக்கச் சாயங்காலப் பாலைத் தனியாக முன்குளிரூட்டி ஊற்ற வேண்டும், அல்லது காலைப் பாலை மதியத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். விருது வாங்கும் பண்ணைக்கும் வாங்காத பண்ணைக்கும் வேறுபாடு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். செய்திக்குறிப்பில் எவரும் எழுதாத இடமும் இதுதான்.

சோதனைக்குத் தப்புபவை

நீலம் நெடுநேரம் நின்றால் பால் நல்லது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மடிநோய் வந்த மாட்டுக்கு ஆண்டிபயாடிக் போட்டிருந்தால் அந்த மருந்து சில நாள்வரை பாலில் இறங்கும். மருந்துள்ள பாலில் நுண்ணுயிர் பெருகாது, ஆக்சிஜன் தீராது, நீலம் அசையாமல் நிற்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பதப்படுத்தும் பொருளைக் கலந்த பாலும் இப்படித்தான் காட்டும். விற்கவே கூடாத பால் ஏட்டில் ‘மிக நன்று’ என்று பதிவாகும். எனவே நீலச் சோதனையில் முதலிடம் என்ற செய்திக்குப் பக்கத்தில் மருந்தெச்சச் சோதனையின் முடிவும் இருந்தாக வேண்டும். மருந்துறையில் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அத்தனை நாளும் அந்த மாட்டின் பாலைத் தனியே கறந்து கொட்டியதற்குப் பண்ணையில் எழுத்துப் பதிவு இருக்கிறதா என்று கேட்டால், அதுவும் ஒரு சோதனைக்குச் சமம்.

நம் வட்டாரத்தில் இன்னும் கவலை தரும் பொருள் அஃப்லாடாக்சின். கடலைப்புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவை ஈரம்பட்டுப் பூஞ்சை பிடித்தால் அதில் உண்டாகும் நஞ்சு இது. மாடு தின்றதும் அதில் ஒரு சிறு பங்கு எம்1 என்ற வடிவில் பாலுக்கு வந்துவிடுகிறது. மணம் இல்லை, சுவை இல்லை, நிறம் இல்லை. காய்ச்சினாலும் பாஸ்சுரைஸ் செய்தாலும் போகாது. நீலச் சோதனைக்கு அது இருப்பதே தெரியாது. கொழுப்புக் கருவிக்கும் தெரியாது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 மே முதல் அக்டோபர்வரை நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்தது. முடிவுகள் 2019 அக்டோபரில் வெளியாயின. மக்கள் பெரிதும் அஞ்சிய கலப்படம் 12 மாதிரிகளில் மட்டுமே இருந்தது. அஃப்லாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியவை 368. மாநிலங்களில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, எடுத்த 551 மாதிரிகளில் 88. பாக்கெட் பாலிலும் அது இருந்தது. இந்த ஆய்வைப் பற்றி இரண்டு வாசிப்புகள் உண்டு. கலப்படம் மிகக் குறைவு, பெரும்பாலான பால் குடிக்கத் தகுந்தது என்று ஆணையம் சொன்னது, அது தரவுக்குப் பொருந்தும் வாசிப்பே. தமிழ்நாட்டில் ஆறு மாதிரிகளில் ஒன்று வரம்பைத் தாண்டியது என்பதும் அதே தரவுதான். இரண்டையும் சேர்த்துப் படித்தால், நம் அச்சம் பாலில் ஊற்றும் தண்ணீரில் நிலைத்திருக்க, ஆபத்து மாட்டுத் தொட்டியில் போடும் புண்ணாக்கில் இருந்தது என்று தெரிகிறது.

கொங்குப் பகுதியில் புண்ணாக்கு மூட்டையைக் கட்டுத்தரையை ஒட்டிய தாழ்வாரத்தில் சுவரோரமாக அடுக்கும் வழக்கத்தைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் குடிக்கும், அடி மூட்டை அதை உறிஞ்சும். மேல் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பாலில் நஞ்சின் அளவு இறங்கிவிடும் என்பது இதில் நல்ல செய்தி. அதே காரணத்தால், போட்டிக்கு ஒரு வாரம் முன்பு தீவனத்தை மாற்றிய பண்ணையும் சோதனையில் தேறிவிடும். ஆண்டு முழுவதும் கவனமாக இருந்த பண்ணையையும் அந்த ஒரு வாரம் மட்டும் கவனமாக இருந்த பண்ணையையும் ஒரே ஒரு மாதிரியால் பிரித்தறிய முடியாது. மாதிரியை யார் தேர்ந்தெடுத்தது, எத்தனை முறை எடுத்தது என்ற கேள்வி திரும்பவும் இங்கே வந்து நிற்கிறது.

முதல் பத்தி

செய்திக்குறிப்பு என்ற வடிவம் பாராட்டுக்காகப் பிறந்ததல்ல. முதல் பிரஸ் ரிலீஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது ஐவி லீ எழுதியது. ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த அவர், நடந்ததை மறைக்காமல் பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்தார். வதந்தி பரவும் முன் விவரங்கள் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். விருதுச் செய்திக்கும் இந்தத் தொடக்கம் பொருந்தும் என்பது என் எண்ணம். நல்ல செய்தியையும் விபத்துச் செய்தியின் துல்லியத்தோடு எழுதலாம்.

தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கில வழக்கில் மேற்கோள் இரண்டாம் பத்தியில் குறிகளுக்குள் வந்து உட்காரும். நம் நாளிதழ்களில் அதன் இயல்பான இடம் “இதுகுறித்து அவர் கூறியதாவது:” என்பதற்குப் பின்னால். அங்கே தொடங்கி, “இவ்வாறு அவர் கூறினார்” என்று முடியும்வரை பேசியவரின் விவரம் பத்தி பத்தியாக நீளலாம். இந்த வடிவம் விளக்கத்துக்கு இடம் தருகிறது. ஆங்கில மாதிரியைத் தமிழில் பெயர்த்தெழுதும்போது அந்த இடம் சுருங்கி, ‘அர்ப்பணிப்பு’, ‘அங்கீகாரம்’, ‘பெருமைமிகு தருணம்’ என்ற மூன்று சொற்களுக்குள் அடைபட்டுவிடுகிறது. மாட்டைப் பற்றி அரை நாள் பேசக்கூடிய ஒரு மனிதர், செய்திக்குறிப்பில் மட்டும் ஒரு நிறுவனம் பேசுவதுபோலப் பேசுகிறார். அவருக்குத் தெரிந்தது வாசகருக்குப் போய்ச் சேராமல் போவது எனக்கு உண்மையிலேயே இழப்பாகத் தோன்றுகிறது.

நம் மாதிரிப் பண்ணைக்கு இப்போது முதல் பத்தியை எழுதிப் பார்க்கலாம். எண்கள் முன்போலவே உதாரணத்துக்காக.

“கிணத்துக்கடவு அருகே 23 வீடுகளிலிருந்து நாளொன்றுக்கு 300 லிட்டர் பால் சேர்க்கும் சிறு பால்பண்ணை, கறவைப்பாலின் நுண்ணுயிர்த் தரத்துக்கான மாவட்டப் போட்டியில் முதலிடம் பெற்றுள்ளது. ஆறு மாதங்களில் நடுவர் குழுவினர் முன்னறிவிப்பின்றி வந்து எடுத்த 12 மாதிரிகளில் 11, மில்லிலிட்டருக்கு 2 லட்சம் என்ற வரம்புக்குள் இருந்தன. ஆண்டிபயாடிக் எச்சம், அஃப்லாடாக்சின் எம்1 ஆகியவற்றுக்கான சோதனைகளிலும் 12 மாதிரிகளும் தேறின.”

முதல் வரைவோடு இதை ஒப்பிட்டால் சொற்கள் கூடியிருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சரிபார்க்கக்கூடியது. எந்தத் தரம் என்பது ‘நுண்ணுயிர்த் தரம்’ என்று வந்துவிட்டது. மாதிரியை எடுத்தவர் பண்ணைக்காரர் அல்லர் என்பது தெரிகிறது. காலம் தெரிகிறது. தோற்ற ஒரு மாதிரியும் தெரிகிறது. அந்த ஒன்றை மறைத்து ‘அனைத்துச் சோதனைகளிலும் சிறந்து விளங்கியது’ என்று எழுதத்தான் பலருக்கும் கை போகும். நான் அதை வைத்துக்கொள்ளவே சொல்வேன். 12இல் 11 என்ற எண்ணை எவரும் புனைந்து எழுதமாட்டார்கள் என்று செய்தியாளருக்குத் தெரியும். அதோடு, மேற்கோளுக்கான வேலையையும் அந்த ஒரு மாதிரிதான் தருகிறது.

“இதுகுறித்து பண்ணையின் உரிமையாளர் கூறியதாவது: முன்பு ஒரே நடையில் எல்லா வீட்டுப் பாலையும் எடுத்துவந்தோம். முதல் கேன் நிரம்பி, கடைசிக் கேன் வந்து, தொட்டியில் ஊற்ற இரண்டேகால் மணி நேரம் ஆகும். இப்போது கிழக்கே ஒரு நடை, மேற்கே ஒரு நடை என்று பிரித்துக்கொண்டோம். எந்த வீட்டுப் பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேனில் நிற்பதில்லை. டீசல் செலவு கூடியது. ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலப் பாலை ஊற்றிய நேரத்தில் நான்கு மணி நேரம் கரண்டு இல்லை, அன்றைக்கு எடுத்த மாதிரிதான் தேறவில்லை. அதற்குப் பிறகு ஜெனரேட்டர் வாங்கினோம். இவ்வாறு அவர் கூறினார்.”

முதல் பத்தி நடுவர் சொன்னதைச் சொல்கிறது, மேற்கோள் நடுவருக்குத் தெரியாததைச் சொல்கிறது. ஒன்று சொன்னதை மற்றொன்று திரும்பச் சொல்லவில்லை. இந்த மேற்கோளைப் பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் படித்தால் தன் வண்டி எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று அன்று மாலையே கணக்குப் பார்க்கலாம். பால் வாங்கும் வீட்டுக்காரர் படித்தால், இந்தப் பண்ணை எதைக் கவனிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இதில் ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். போட்டி நடத்துபவர்கள் ஒரே ஒரு மாதிரியை, அதுவும் பண்ணைக்காரரே கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்துப் பரிசு தந்திருந்தால் இப்படி எழுத முடியாது. அப்போது ‘பண்ணை அனுப்பிய மாதிரியின் அடிப்படையில்’ என்று எழுதுவதுதான் நேர்மை. செய்தி சற்று மெலிந்து போகும். ஆனால் நாளை எவரேனும் கேட்டால் திருத்தம் போட வேண்டியிருக்காது. சோதனையே நடக்காமல் நிர்வாகத்துக்காக, உறுப்பினர் எண்ணிக்கைக்காக, பண்ணை வசதிக்காகக் கிடைத்த விருதென்றால் அந்தப் பிரிவின் பெயரை அப்படியே எழுதிவிட வேண்டும். அங்கே ‘தரம்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. அந்த விருது அதனால் சிறுத்துவிடுவதும் இல்லை. 50 வீடுகளுக்குப் பத்து நாளுக்கொருமுறை தவறாமல் பால் காசு கொடுத்த சங்கத்துக்கு அதுவே பெரிய செய்தி.

செய்திக்குறிப்பின் அடியில் தொடர்பு எண் கொடுப்பது வழக்கம். அந்த எண்ணோடு ஆய்வக அறிக்கையின் நகலையும் இணைக்கலாம். சோதித்த நாள், மாதிரி எடுத்த நேரம், எடுத்தபோது பாலின் வெப்பநிலை ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். மாவட்டப் பக்கத்தைக் கட்டும் உதவி ஆசிரியர் இரவு ஒன்பது மணிக்குப் போன் போட்டுக் கேட்கப்போகும் முதல் கேள்வி, “மாதிரியை யாருங்க எடுத்தது?” என்பதாகத்தான் இருக்கும்.